திருக்குறள் ‘திருக்கிறதுறள்’ ஆகிவிட்டது: வாட்ஸ்அப் செய்திகளை அச்சுத் தமிழாக்க உதவி தேவை

மாடித்தோட்டம்:
எங்கள் குடியிருப்போர் சங்கத்தின் எட்டுப் பக்க மடலைத் தொகுக்கும் வேலை என் தலையில் விழுந்திருக்கிறது. உறுப்பினர்கள் அனைத்தையும் வாட்ஸ்அப்பில், பேசுவதைப் போலவே எழுதி அனுப்புகிறார்கள். லிப்ரே ஆபீஸில் ‘இருக்கு’ என்பதை ‘இருக்கிறது’ என்று மொத்தமாக மாற்றினேன். ‘கூட்டம் இருக்கும்’ என்பது ‘கூட்டம் இருக்கிறதும்’ ஆனது. ‘வந்திருக்கு’ மட்டும் அசையவில்லை. அதையும் பிடிக்க, `Regular expressions` என்பதைத் தேர்ந்து ‘ிருக்கு’ என்று தேடி மாற்றினேன். குழந்தைகளுக்கான போட்டி ‘திருக்கிறதுறள் ஒப்புவித்தல்’ ஆகிவிட்டது. சரிபார்ப்புப் படியில் ஒரு பாட்டி கண்டுபிடித்ததால் மானம் தப்பியது.

ஆங்கில எழுத்தில் வருபவை இன்னும் மோசம். ஒன்று இதோ:

```
Secretary madam nethu vandhaanga. Motor repair aagi 2 naal aachu, konjam adjust pannikonga
```

நான் எழுதியது: ‘செயலாளர் நேற்று வந்தார்கள். மோட்டார் பழுதுபார்க்கப்பட்டு இரண்டு நாள் ஆகிறது. சற்றுச் சரிசெய்துகொள்ளவும்.’ ஏதோ இடிக்கிறது. விரைவான வழி உண்டா?

நீலமை:
ஒரு பட்டியல் போட்டுவிட்டால் தீர்ந்தது. ‘பண்ணு’ என்றால் ‘செய்’, ‘ரிப்பேர்’ என்றால் ‘பழுது’, ‘வந்தாங்க’ என்றால் ‘வந்தார்கள்’. ஐம்பது சொல் சேர்த்தால் முக்கால் வேலை முடிந்துவிடும்.

கரையோரம்:
எங்களுக்கும் இதே தொல்லை. யாழ்ப்பாணத்தில் எங்கள் கோயில் மலருக்கு அச்சகத்தார் பாமினி எழுத்துருவில்தான் கேட்கிறார்கள். மாற்றிக் கொடுத்தால் இடையில் உள்ள ஆங்கிலச் சொற்கள் எல்லாம் தமிழ்க் கிறுக்கல்களாகத் தெரிகின்றன. என்ன செய்வது?

பழைய மெய்ப்பு:
கரையோரம், உங்கள் சிக்கல் வேறு. பாமினியில் தமிழ் எழுத்துகள் ஆங்கில விசைகளின் மேல் உட்கார்ந்திருக்கின்றன. `mk;kh` என்று அடித்தால்தான் ‘அம்மா’ தெரியும். திருத்தம் அனைத்தையும் யூனிகோடில் முடித்துக்கொண்டு, கடைசியில் தமிழை மட்டும் மாற்றுங்கள். ஆங்கிலச் சொல்லுக்கு வேறு எழுத்துரு கொடுங்கள்.

மாடித்தோட்டம், முதலில் தேடலைப் பார்ப்போம். ‘இருக்கும்’ என்ற சொல்லுக்குள் ‘இருக்கு’ முழுதாக இருக்கிறது, பின்னால் ‘ம்’ ஒட்டியிருக்கிறது, அவ்வளவுதான். அடுத்து எந்தத் தமிழ் எழுத்தும் வரக்கூடாது என்று சொல்லிவிட்டால் போதும். `Regular expressions` என்பதைத் தேர்ந்துகொண்டு இப்படித் தேடுங்கள்:

```
இருக்கு(?![\u0B80-\u0BFF])
```

‘வந்திருக்கு’ என்பதில் ‘இ’ தனி எழுத்தாக இல்லை, ‘தி’யின் கொக்கியாகிவிட்டது, அதனால்தான் சிக்கவில்லை. முதல் எழுத்தை எடுத்துவிட்டுக் கொக்கியிலிருந்து தேடினால், மேலே சொன்ன நிபந்தனை திருக்குறளைக் காப்பாற்றும். ஆனால் ‘உயிருக்கு’, ‘பயிருக்கு’ இரண்டும் ‘உயிருக்கிறது’, ‘பயிருக்கிறது’ ஆகிவிடும். இந்தக் கொக்கித் தேடலை மட்டும் மொத்தமாக மாற்றாமல் ஒவ்வொன்றாகப் பார்த்து மாற்றுங்கள்.

நீலமை சொன்ன பட்டியல் எழுத்துப் பிழைக்கு உதவும், பொருளுக்கு உதவாது. இந்தச் செய்தியையே பாருங்கள். நம் பேச்சில் மோட்டார் ‘ரிப்பேர் ஆகிவிட்டது’ என்றால் கெட்டுப்போனது என்று பொருள். நீங்கள் சரிசெய்யப்பட்டதாக எழுதி, செய்தியைத் தலைகீழாக்கிவிட்டீர்கள். ‘அட்ஜஸ்ட்’ என்பது பொறுத்துக்கொள்ளச் சொல்வது. ‘சரிசெய்துகொள்ளவும்’ என்று அச்சிட்டால் யாராவது ஸ்பேனரோடு வந்து நிற்பார்கள். ‘வந்தாங்க’ ஒருவரை மதித்துச் சொன்னதாகவும் இருக்கலாம், பலரைச் சொன்னதாகவும் இருக்கலாம். ஒருவர் என்றால் எழுத்தில் ‘வந்தார்’. ‘நேற்று’ என்பது மடல் கைக்கு வரும் நாளில் எந்த நேற்று? தேதி போடுங்கள்.

நான் எழுதினால்: ‘செயலாளர் 12ஆம் தேதி நேரில் வந்தார். மோட்டார் பழுதாகி இரண்டு நாள் ஆகிவிட்டது. குடியிருப்போர் பொறுத்துக்கொள்ள வேண்டுகிறோம்.’ தேதி என் ஊகம், அனுப்பியவரிடம் கேளுங்கள். மோட்டார் இப்போது ஓடுகிறதா என்றும் கேளுங்கள். ஓடினால் கடைசி வரிக்கு வேலையில்லை.

நீலமை:
அந்த ‘ரிப்பேர்’ எனக்குத் தோன்றவே இல்லை. ஆனால் ‘சுத்தம் பண்ணினோம்’, ‘ஏற்பாடு பண்ணினோம்’ போன்றவற்றுக்குப் பட்டியல் வேலை செய்யத்தானே செய்கிறது?

பழைய மெய்ப்பு:
செய்கிறது. ‘இன்பார்ம் பண்ணினேன்’ என்பதில் கவிழ்ந்துவிடும். அங்கே ‘தெரிவித்தேன்’ என்று முழு வினையையே மாற்ற வேண்டும். `palli` என்று வந்தால் பள்ளியா பல்லியா என்று எந்தப் பட்டியலும் சொல்லாது.

மாடித்தோட்டம்:
அனுப்பியவரிடம் கேட்டேன். செயலாளரோடு பொருளாளரும் வந்திருந்தாராம், ஆக ‘வந்தார்கள்’ சரி. பொருளாளரைத்தான் சேர்க்க வேண்டும். மோட்டார் மறுநாளே ஓடிவிட்டது, எனவே ‘12, 13 தேதிகளில் மோட்டார் பழுதாகியிருந்தது’ என்று மாற்றிவிட்டேன்.

இன்னொன்று. ஆறாம் பக்கத்தில் ஒருவர் ‘லிப்ட்’ என்கிறார், எட்டாம் பக்கத்தில் மற்றவர் ‘மின்தூக்கி’ என்கிறார். எதை வைப்பது?

பழைய மெய்ப்பு:
ஏதாவது ஒன்றை, எட்டுப் பக்கத்திலும். எனக்கு ‘லிப்ட்’ போதும். அறிவிப்பைப் படிப்பவர் தயங்கக்கூடாது.

கரையோரம்:
எங்கள் மலரில் ‘மின்தூக்கி’ என்றுதான் போடுவோம். யாரும் தயங்கியதில்லை.

மாடித்தோட்டம்:
சங்கக் கூட்டத்தில் வைக்கிறேன். பாட்டியும் வருவார்.