அம்மா பெயர் வாக்காளர் பட்டியலில் வரவில்லை, அவசர உதவி

கம்மாக்கரை: வாட்ஸப்பில் சுத்துற, பட்டியல்ல பேர் தேடுறது எப்படிங்கிற கரோசல் படங்களைப் பார்த்து அப்படியே தேடினேன். அம்மா பேர் வரவே இல்லை. அட்டை கையில இருக்கு, அதுல வயசும் தப்பு. 5-வது படத்துல படிவம் 6 போடச் சொல்றாங்க. போட்டுடவா?

நெல்லைச்சீமை: எந்த மாநிலம், எந்தத் தொகுதி? அட்டை எண்ணை வச்சுத் தேடினீங்களா, பேரை வச்சா?

பழைய பயனர்: இதே கேள்வி மாசம் நாலு தடவை வருது. முதல்ல படிச்சுட்டு வாங்க தம்பி. அட்டை இருந்தா ஓட்டுப் போடலாம், போதும்.

வாக்குச்சாவடி அலுவல்: போதாது. பட்டியல்ல பேர் இருக்கணும். அட்டை தொலைஞ்சாக்கூட பாஸ்போர்ட் மாதிரி வேற அடையாளம் காட்டலாம். பேர் இல்லாட்டி எந்த அட்டையும் உதவாது.

கம்மாக்கரை, படிவம் 6 போடாதீங்க. பட்டியல்ல இல்லாதவங்க புதுசா சேரத்தான் அது. "என் பேர் வேற எங்கயும் இல்லை"ன்னு அதுல உறுதிமொழி இருக்கு. பொய்யானா வழக்கு வரும். அந்தக் கரோசல் பழசா இருக்கும். 2022 ஆகஸ்டுக்கு முன்னாடி வேற தொகுதிக்குக் குடிமாறினா படிவம் 6. இப்ப குடிமாற்றம், திருத்தம், மாற்று அட்டை எல்லாமே படிவம் 8.

நெல்லைச்சீமை: உறவினர் பேர் கட்டத்துல யார் பேரைப் போட்டீங்க?

கம்மாக்கரை: தாத்தா பேரு. அம்மாவோட அப்பா.

வாக்குச்சாவடி அலுவல்: அங்கதான் சிக்கல். பட்டியல்ல கணவர் பேர் இருக்கும். அதுவும் செல்வராஜ், செல்வராசுன்னு எழுத்து மாறியிருந்தா சிக்காது. electoralsearch.eci.gov.in போய் Search by EPIC-ல அட்டை எண்ணைப் போடுங்க. மூணு எழுத்து, ஏழு இலக்கம்.

தெருக்கோடி: எங்கம்மா அட்டையில TN-னு ஆரம்பிச்சு சாய்கோடெல்லாம் போட்ட நீள எண். அதுல வரலையே?

வாக்குச்சாவடி அலுவல்: அது பழைய எண். அதே வீட்டுல வேற யாராவது பேரைத் தேடி பாக எண்ணை எடுங்க. அந்தப் பாகத்தோட பிடிஎப்பை இறக்கி வீட்டு எண் வாரியா கண்ணாலதான் பார்க்கணும். பக்கங்கள் படமா இருக்கும், Ctrl+F எடுபடாது.

கம்மாக்கரை: வந்துடுச்சு! பாக எண், வரிசை எண் எல்லாம் இருக்கு. வயசு பத்து கூட.

வாக்குச்சாவடி அலுவல்: voters.eci.gov.in-ல உங்க மொபைல்லயே நுழைஞ்சு படிவம் 8 எடுங்க. Self கொடுக்காதீங்க, Other elector கொடுத்து அம்மா அட்டை எண்ணைப் போடுங்க. அடுத்து Correction of Entries. வயசை மட்டும் டிக் பண்ணி பிறந்த தேதிச் சான்றை ஏத்துங்க. கடைசியில வர்ற குறிப்பு எண்ணைப் படம் பிடிச்சு வச்சா, நிலையை அதை வச்சே பார்க்கலாம்.

பழைய பயனர்: ஆதாரே போதும். இதுக்கு இவ்வளவு கதையா.

நெல்லைச்சீமை: நிறைய அம்மாக்கள் ஆதார்ல பிறந்த வருஷம் மட்டும்தான் இருக்கு. அதை அலுவலர் ஏத்துக்குவாரா?

பழைய பயனர்: பள்ளிச் சான்று கொடுக்கட்டும்.

நெல்லைச்சீமை: பள்ளிக்கூடமே போகாதவங்க எதைக் கொடுப்பாங்க? கம்மாக்கரை, உங்கம்மா ஆதார்ல முழுத் தேதி இருக்கா?

தெருக்கோடி: எங்கம்மா பேர் பிடிஎப்ல ரெண்டு இடத்துல இருக்கு. ஒண்ணை எப்படி எடுக்கிறது?

வாக்குச்சாவடி அலுவல்: படிவம் 7. எந்தப் பதிவு வேணாமோ அதோட பாக எண், வரிசை எண்ணைச் சரிபார்த்துப் போடுங்க. மாத்திப் போட்டா இருக்க வேண்டியது போயிடும்.