ஒடுங்கிய முகம், அகலமான தலை: முகமாற்றத்தில் சாயல் கெடுகிறது

ஒரு குறும்படத்துக்காக, சண்டைக் கலைஞரின் தலையில் நடிகரின் முகத்தைப் பொருத்தி வருகிறேன். இருவரின் எழுத்துச் சம்மதமும் உண்டு. நடிகருக்கு நீண்டு ஒடுங்கிய முகம், கலைஞருக்கோ அகலமான தாடை. மூன்று வாரங்களுக்குப் பிறகும் திரையில் தெரிபவர் நடிகரின் பருத்த அண்ணனைப் போலவே இருக்கிறார்.

DeepFaceLab-இல் SAEHD மாடல், முக வகை `wf`, அளவு 256. முதலில் பயிற்றுவித்த `liae` கலைஞரின் முக வடிவத்தையே பின்பற்றியது. `df`-க்கு மாறியதும் கண்ணும் மூக்கும் நடிகருடையவை ஆயின. ஆனால் முகமூடியின் விளிம்புக்கு வெளியே பழைய தாடை எஞ்சுவதால், முக்கால் பக்கவாட்டுக் காட்சிகளில் தாடைக்கோடு இரண்டாகத் தெரிகிறது. `output_face_scale`-ஐக் கூட்டினாலும் குறைத்தாலும் முகம் முழுவதும் ஒரே விகிதத்தில்தான் மாறுகிறது. அகலத்தை மட்டும் நெருக்கிப் பார்த்தேன். கண்களின் இடைவெளி குறுகி, இருந்த சாயலும் போய்விட்டது. ஆகவே சிக்கல் அளவில் இல்லை, விகிதத்தில் இருக்கிறது என்றே கருதுகிறேன்.

கண், மூக்குப் பகுதியைத் தொடாமல், மூலக் காட்சியிலேயே கலைஞரின் தாடையைச் சட்டகம் சட்டகமாக ஒடுக்கிவிட்டுப் பிறகு முகத்தை மாற்றுவதா, அல்லது `head` வகையில் முழுத் தலையையும் புதிதாகப் பயிற்றுவிப்பதா, இவற்றில் எது நடிகரின் சாயலைக் காக்கும்?