கலைச்சொல்: நுனிநாவா, பரந்த நாவா? இரண்டு வகை ‘ஸ்’

வெள்ளவத்தை, சொற்கோவை தொகுப்பவர்:

எல்லோருக்கும் வணக்கம். ஒலியியல் சொற்கோவையில் உரசொலிகளுக்கு வந்திருக்கிறோம். ஏபிக்கல், லமினல் என்ற இரண்டுக்கும் தமிழ் வேண்டும். பழைய வரைவில் முதலாவதற்கு ‘நுனிநா ஒலி’ என்றும் இரண்டாவதற்கு ‘பல்லொலி’ என்றும் போட்டிருக்கிறது. இரண்டாவது சரியில்லை என்று எனக்குப் படுகிறது.

பாஸ்க் மொழியை எடுத்துக்கொள்ளுங்கள். அதில் ‘ஸு’ என்றால் நெருப்பு. இன்னொரு ‘ஸு’ இருக்கிறது, அதற்கு ‘நீங்கள்’ என்று பொருள். அவர்கள் முதலாவதை எஸ் போட்டும் மற்றதை ஸெட் போட்டும் எழுதுகிறார்கள். தமிழில் எழுதினால் இரண்டும் ஒன்றாகிவிடும். ‘நெருப்பு’ என்பதில் நாக்கு நுனி மேலே எழும்புகிறது. ‘நீங்கள்’ என்பதில் நுனி கீழே இருக்க, அதற்குச் சற்றுப் பின்னாலுள்ள தட்டையான பகுதி எழும்புகிறது. இரண்டாவதைப் பல்லொலி என்றால், நாக்கின் எந்தப் பகுதி என்ற கேள்விக்கு வாயின் எந்த இடம் என்று பதில் சொன்னதாகிவிடும். உங்கள் கருத்துகளை எழுதுங்கள்.

கொட்டாஞ்சேனை, ஒலிப்பதிவு வேலை பார்ப்பவர்:

நான் மொழியியல் படித்தவன் இல்லை. ஆனால் அறிவிப்பாளர்களின் ‘ஸ்’ சத்தத்தோடு மல்லுக்கட்டுவதுதான் எனக்கு வேலை. எனக்குத் தெரிந்தவரை இது இடத்தைப் பொறுத்த விஷயம். காற்று நெருக்கிப் போகிற இடத்துக்கும் பல்லுக்கும் நடுவே ஒரு சின்ன அறை இருக்கிறது. ஒரு பக்கம் மூடி மறுபக்கம் திறந்த குழாய் என்று அதை வைத்தால், ஒலியின் வேகத்தை அறை நீளத்தின் நான்கு மடங்கால் வகுத்தால் போதும். வாயின் சூட்டில் வேகம் செக்கனுக்கு ஏறத்தாழ 35,000 சென்ரிமீற்றர். அறை 1 சென்ரிமீற்றர் என்றால் 8,750 ஹேர்ட்ஸ். 2 சென்ரிமீற்றர் என்றால் 4,375. பல்லுக்குக் கிட்டப் போனால் ஊசி மாதிரிக் கூர்மை, பின்னுக்குப் போனால் மந்தம். அப்படியென்றால் பல், மேற்பல்லுக்குப் பின்னாலுள்ள மேடான அண்பல் என்று இரண்டு சொல் போதும்தானே? நாக்கின் பகுதிக்கு வேறு சொல் எதற்கு?

தெஹிவளை, ஒரு தாய்:

இதை இங்கே கேட்கலாமோ தெரியவில்லை. என்னுடைய மகனுக்கு ஆறு வயது. சாப்பாடு என்பதைத் தாப்பாடு என்கிற மாதிரித்தான் சொல்கிறான். நீங்கள் சொல்கிற லமினல் என்பது இதுதானா? நாக்கைக் கீழே வைக்காதே, மேலே தூக்கு என்று நான் சொல்லிக்கொடுக்க வேண்டுமா?

பம்பலப்பிட்டி, ஓய்வுபெற்ற ஒலியியல் விரிவுரையாளர்:

முதலில் தெஹிவளைத் தங்கைக்கு. நுனி மேலேயா கீழேயா என்பதை வைத்துப் பிள்ளையைத் திருத்தப் போகாதீர்கள். ஆங்கிலம் பேசுகிறவர்களிலேயே சிலர் நுனியால் ‘ஸ்’ சொல்கிறார்கள், சிலர் அதன் பின்பகுதியால் சொல்கிறார்கள். இரண்டும் நல்ல ‘ஸ்’தான். நீங்கள் சொல்வது வேறு. ‘ஸ்’ வருவதற்கு நாக்கின் நடுவில் ஒரு ஒடுங்கிய வாய்க்கால் வேண்டும். அதில் வேகமாக வருகிற காற்று முன்பல்லின் விளிம்பில் மோதித்தான் சீறுகிறது. நாக்கு பற்களுக்கு நடுவே தட்டையாக நீண்டுவிட்டால் வாய்க்கால் இல்லாமல் போகும், சீற்றமும் போய்விடும். முன்பல் விழுந்து முளைக்கிற வயதில் மோதுவதற்கு விளிம்பே இல்லாமலும் போகலாம். மகனுடைய ஒலி ‘த’ போல அடைத்து வருகிறதா, காற்று கசிந்து வருகிறதா என்று கவனித்து, ஒரு பேச்சுச் சிகிச்சையாளரிடம் காட்டுங்கள்.

இனி கொட்டாஞ்சேனைத் தம்பிக்கு. உங்கள் கணக்கு சரி. ஆனால் அறையின் நீளத்தைத் தீர்மானிப்பது இடம் மட்டும் என்று எடுத்துக்கொண்டீர்கள், சிக்கல் அங்கேதான். நுனி கீழ்ப்பல்லின் பின்புறத்தில் படிந்திருந்தால், நாக்கின் அடியில் வெற்றிடம் ஏறக்குறைய இல்லை. முன்னறை சிறிது. அதே மேட்டில், அதே இடத்தில், இப்போது நுனியைத் தூக்கிக் கொஞ்சம் பின்னுக்கு வளையுங்கள். நாக்குக்குக் கீழே ஒரு பை திறக்கிறது. அந்தப் பையும் முன்னறையோடு சேர்ந்துகொள்கிறது. ஒலி இறங்கி ‘ஷ’ பக்கம் சாய்கிறது. ஸ்பெயினின் வட, நடுப் பகுதிகளில் பேசுகிறவர்களின் ‘ஸ்’ நம் காதுக்கு ‘ஷ்’ போலக் கேட்பதற்குக் காரணம் இதுதான். லத்தீன் அமெரிக்காவில் பெரும்பாலும் அப்படிக் கேட்பதில்லை.

மறுபக்கமும் உண்டு. நுனியால் சொன்னாலும், அதைப் பல்லை ஒட்டி முன்னுக்குத் தள்ளினால் அடியில் பை திறக்காது, ஒலி கூர்மையாகவே இருக்கும். ஆகவே நுனி என்றால் மந்தம் என்று எழுதுவதும் பிழை, பல் என்றால் கூர்மை என்று எழுதுவதும் பாதிப் பிழை. இரண்டு கேள்விகளுக்கும் தனித்தனிச் சொல் வேண்டும் என்பது இதனால்தான்.

வீட்டில் பார்க்க ஒரு எளிய வழி இருக்கிறது. நீளமாக ‘ஸ்ஸ்’ என்று சொல்லிக்கொண்டே, நாக்கை அசைக்காமல் காற்றை உள்ளே இழுங்கள். நாக்கில் எங்கே குளிர்கிறதோ அங்கேதான் நெருக்கம். நுனியிலா, அதற்குப் பின்னாலா என்று உடனே தெரியும்.

படம் வேண்டுமென்றால் கரித்தூளைச் சமையல் எண்ணெயில் குழைத்து நாக்கில் பூசுங்கள். ‘ஆஸா’ என்று ஒரே தடவை சொல்லி, சின்னக் கண்ணாடியை வாய்க்குள் வைத்து மேலண்ணத்தைப் படமெடுங்கள். கரி எங்கே ஒட்டியிருக்கிறதோ அது இடத்தைக் காட்டும். வாயைக் கொப்பளித்துவிட்டு, இந்தத் தடவை மேலண்ணத்தில் பூசி மறுபடியும் சொல்லி நாக்கைப் பாருங்கள். அது நாக்கின் பகுதியைக் காட்டும். முதல் படம் பல்லா மேடா என்று சொல்கிறது, இரண்டாவது படம் நுனியா பரப்பா என்று சொல்கிறது. ஒரு படத்தை வைத்து மற்றதை ஊகிக்க முடியாது. சொல்லில் த, ட, ல, ன எதுவும் வரக்கூடாது, அவையும் தங்கள் கறையை விட்டுவிடும். ‘ஸ்’ஸில் நடுவாய்க்கால் எங்கும் ஒட்டாது. இரண்டு கரைகளின் கறையை வைத்துத்தான் படிக்க வேண்டும், அதனால் ‘த’ அளவுக்குத் தெளிவாக இருக்காது.

கொட்டாஞ்சேனை:

அடியில் பை இருப்பதை நான் யோசிக்கவே இல்லை சேர், இப்போது விளங்குகிறது. அப்படியென்றால் இரண்டு வகையையும் வட்ஸ்அப்பில் பேசி அனுப்பச் சொல்லி அளக்கலாமா?

பம்பலப்பிட்டி:

வேண்டாம் தம்பி. பழைய தொலைபேசி இணைப்பில் 3,400 ஹேர்ட்ஸுக்கு மேலே எதுவும் வராது. ‘ஸ்’ஸின் முக்கியமான பகுதி அதற்கு மேலேதான் இருக்கிறது. செக்கனுக்கு 16,000 மாதிரிகள் எடுத்த பதிவில் 8,000 ஹேர்ட்ஸோடு முடிந்துவிடும். நீங்கள் கணக்குப் போட்ட 8,750 அதில் இருக்காது, வெட்டுப்பட்ட இடத்தை உச்சி என்று நினைத்துவிடுவோம். உங்கள் கலையகத்தில் 44,100இல் பதிந்தால் சரி. மைக்கை வாய்க்கு நேரே வைக்காமல் கொஞ்சம் பக்கவாட்டில் வையுங்கள், நேரே வைத்தால் ஊதுகிற காற்றும் சேர்ந்துவிடும்.

வெள்ளவத்தை, தமிழாசிரியை (யாழ்ப்பாணம்):

சொல்லைத் தேடி வெளியே போகத் தேவையில்லை. தொல்காப்பியம் பிறப்பியலில் இரண்டும் இருக்கின்றன. ற, ன பிறப்பதற்கு ‘அணரி நுனிநா அண்ணம் ஒற்ற’ என்கிறார். அணர்தல் என்றால் மேல் நோக்கி எழுதல். த, ந பிறப்பதற்கோ பல்லின் அடியில் ‘நாநுனி பரந்து’ ஒற்ற வேண்டும் என்கிறார். எழும்பிய நுனி ஒன்று, பரந்த நுனி ஒன்று. நாம் கேட்கிற பிரிவே இதுதான். ஊரில் நாங்கள் ‘வெற்றி’ என்பதை நுனியால் மேட்டில் அடித்துத்தான் சொல்லுவோம். ‘வெத்தி’ என்று ஒரு தடவை சொல்லிப் பாருங்கள், நாக்கு பரந்து பல்லில் விழும்.

ஆகவே நுனிநா ஒலி, பரந்தநா ஒலி என்று வைப்போம். ‘நாவலகு’ என்று சிலர் எழுதுகிறார்கள், எனக்கு அது பிடிக்கவில்லை. எங்கள் பாடநூல்களில் அலகு என்றால் அளவை அலகு. மாணவன் குழம்புவான்.

பம்பலப்பிட்டி:

டீச்சர், அருமையான இடத்தைக் காட்டினீர்கள். இரண்டு தயக்கம் மட்டும் சொல்கிறேன். அவர் ‘நாநுனி பரந்து’ என்கிறார், அதாவது அவர் கணக்கில் அதுவும் நுனிதான். நுனியை அடுத்த பகுதியைத் தனி உறுப்பாக அவர் எண்ணினாரா, நுனியே விரிவதாகப் பார்த்தாரா என்று அந்த வரியை வைத்து முடிவுகட்ட முடியாது. இரண்டாவது, ட, ண இரண்டுக்கும் அவர் நுனிநா என்றே சொல்கிறார். அப்போது நமது நுனிநா ஒலிக்குள் வளைநாவும் வந்துவிடும். அது எனக்குச் சம்மதம், ஆனால் சொற்கோவையில் அதை வெளிப்படையாக எழுத வேண்டும்.

தோடர் மொழியையும் எடுத்துக்காட்டில் சேருங்கள். நீலகிரியில் பேசும் நம் குடும்பத்து மொழி. சீறொலிகள் நான்கு அதில் வேறுபடுகின்றன. பணத்துக்கான சொல் கேட்பதற்கு ‘கோஸ்’, பாலுக்கானது ‘போஸ்’. நம் காசும் பாலும்தான் அவை. ஆனால் பணத்தின் ‘ஸ்’ பரந்த நாவால், பாலின் ‘ஸ்’ நுனியால். நம் ‘ல்’ நுனியால் பிறப்பதை நினைத்துப் பார்த்தால் அது பொருத்தமாகத்தான் இருக்கிறது.

வெள்ளவத்தை, தமிழாசிரியை:

வளைநாவை நுனிநாவுக்குள் போடுவது எனக்குச் சம்மதமில்லை ஐயா. ட சொல்லும்போது நாக்கின் அடிப்புறமே அண்ணத்தில் படுகிற ஆட்கள் இருக்கிறார்கள். அதை எப்படி நுனி என்பது?

வெள்ளவத்தை, தொகுப்பவர்:

அது நியாயமான கேள்வி. அதைத் தனி இழையில் எடுப்போம். இப்போதைக்கு வரைவில் இப்படி மாற்றுகிறேன். நாக்கின் பகுதிக்கு நுனிநா, பரந்தநா. இடத்துக்குப் பல், அண்பல். இரண்டையும் சேர்த்தே எழுத வேண்டும். பாஸ்க்கின் நெருப்பு ‘நுனிநா அண்பல் உரசொலி’, ‘நீங்கள்’ என்பது ‘பரந்தநா அண்பல் உரசொலி’. பாஸ்க் நாட்டின் மேற்குப் பக்கத்தில் பலர் இந்த இரண்டையும் கலந்துவிட்டார்கள் என்ற குறிப்பும் வரும். பழைய வரைவின் ‘பல்லொலி’ இடத்தை மட்டும் குறிக்கும். ‘பரந்தநா’வுக்கு மறுப்பு இருக்கிறவர்கள் ஞாயிற்றுக்கிழமைக்குள் எழுதுங்கள். ‘நாவலகு’ வேண்டும் என்கிறவர்களும் எழுதலாம், காரணத்தோடு.