புதுப்பிப்பு: ஃப்ரிட்ஜ் இல்லாத ஹாஸ்டல் ரூம், கோயமுத்தூர்

“அம்மா, குட்டி ரூம், ஃப்ரிட்ஜ் இல்ல. வாங்குற காய் சீக்கிரம் வாடிருது. என்ன பண்றது?”

அம்மா சொன்னபடி, பெரிய மண்சட்டிக்குள்ள சின்னச் சட்டி, நடுவுல ஈர மணல், மேல ஈரத்துணி. ஜன்னலோரம் வெச்சிருக்கேன். பாலக்காட்டுக் கணவாய்க் காத்து அடிக்கிறப்ப ஈரம் காய, உள்ளே சில்லுன்னு ஆகுது. காலையும் சாயங்காலமும் மணலுக்குத் தண்ணி ஊத்தணும். கேரட்டும் கத்திரிக்காயும் நல்லா நிக்குது. வெங்காயம் மட்டும் வெளியே, கூடையில.

கொத்தமல்லியைக் கழுவிக் கவர்ல கட்டச் சொன்னா ரூம்மேட். கவர் சரி, கழுவுனதுதான் வினை, தண்டெல்லாம் கொழகொழன்னு ஆயிருச்சு. கழுவாம, துணியில சுத்தி வெச்சா தாங்குது.

அம்முச்சி போன்ல, “உறியில கட்டு கண்ணு, பூனை ஏறாது”ங்குறாங்க. மூணாவது மாடியில பூனையா!

அடைமழையில காத்தே ஈரமா இருந்தா சட்டி குளிராதாம். அப்ப என்ன செய்வீங்க?