அறிமுக வீடியோவில் மூக்குக்கண்ணாடி பளபளப்பு: விளக்கை எங்கே வைப்பது?

வேலை விண்ணப்பத்துக்கு 60 வினாடி அறிமுக வீடியோ, வெள்ளிக்கிழமைக்குள் அனுப்ப வேண்டும். கண்ணாடியில் ரிங் லைட்டின் வட்டம் விழுந்து கண்ணே தெரியவில்லை.

இடம்: கோவையில் 10க்கு 8 அடி ஹாஸ்டல் அறை, வெள்ளைச் சுவர். போனைப் படுக்கைவாட்டில், கண் மட்டத்தில், ஒரு மீட்டர் தள்ளி, பின்கேமராவில் எடுக்கிறேன். தலைக்கு மேல் கொஞ்சம் இடம், கீழே நெஞ்சு வரை.

செய்து பார்த்தவை: விளக்கை கேமரா லென்ஸுக்குப் பின்னாலிருந்து 45 டிகிரி பக்கவாட்டுக்கு நகர்த்தினேன். வட்டம் போனது, மறுபக்கக் கன்னம் இருண்டது. அந்தப் பக்கம் தெர்மாகோல் அட்டை வைத்ததும் கன்னம் தெளிந்தது, ஆனால் அட்டையே கண்ணாடியில் வெள்ளைக் கட்டமாகத் தெரிகிறது. விளக்கை உயர்த்தினால் ஃபிரேமின் நிழல் கண்மேல் விழுகிறது. கண்ணாடியைக் கழற்ற முடியாது. நேர்காணலில் அதோடுதானே உட்காரப் போகிறேன்!

ஸ்கிரிப்டில் சிக்கல் இல்லை. பெயர், இரண்டு வருட டெஸ்டிங் அனுபவம், பிழை பிடித்த ஒரு உதாரணம், இந்த வேலை ஏன்: ஏறக்குறைய 120 சொற்கள். பிறந்த தேதி, குடும்பம், எதிர்பார்க்கும் சம்பளம் சேர்க்கவில்லை. பார்த்துப் படித்தால் கண் அலைகிறது, அதனால் மனப்பாடம்.

இவ்வளவு சின்ன அறையில், அட்டைக்குப் பதில் ரிங் லைட்டைச் சுவர் பக்கம் திருப்பி, சுவரில் பட்டுத் திரும்பும் வெளிச்சத்தில் எடுத்தால், பளபளப்பும் ஃபிரேம் நிழலும் சேர்ந்தே போகுமா?