ஃபைஃபோவா, ஆவரேஜா? ஒரே கம்பிக்கு மூன்று லாபம்

கம்பிக்கடை_கோவை:
மோட்டார் வைண்டிங் காப்பர் கம்பி மொத்த வியாபாரம், பார்ட்னர்ஷிப் ஃபர்ம். இதுவரை டேலியில் `Avg. Cost` வைத்திருந்தோம். ஏப்ரல் 1 முதல் ஈஆர்பிநெக்ஸ்ட்டுக்கு மாறுகிறோம். சாஃப்ட்வேர் போட்டுத் தருகிறவர் ஃபைஃபோ வைக்கச் சொல்கிறார். ஆடிட்டர் ஆவரேஜையே தொடரச் சொல்கிறார். எதை வைப்பது? லாபத்தில் எவ்வளவு வித்தியாசம் வரும்?

ஈஆர்பி_செல்வா:
யோசிக்கவே வேண்டாம் சார், ஃபைஃபோ. காப்பர் விலை ஏறும்போது பழைய விலைக் கம்பி முதலில் செலவுக்குப் போய்விடும், புது விலைக் கம்பி ஸ்டாக்கில் நிற்கும். அதனால் லாபமும் கூடும், ஸ்டாக் மதிப்பும் கூடும். பேங்கில் ஸ்டாக் ஸ்டேட்மெண்ட் கொடுக்கும்போது, ஸ்டாக்கை வைத்து எடுக்கக்கூடிய கடன் அளவான டிராயிங் பவரும் ஏறும். ஃபைஃபோவில் எப்போதும் லாபம் அதிகம்தான் வரும். ஆவரேஜ் என்பது கையால் லெட்ஜர் எழுதிய காலத்து வசதி.

மதுரை_மருந்து:
எங்கள் கடையிலும் ஃபைஃபோதான். முதலில் வந்த அட்டை முதலில் போகாவிட்டால் எக்ஸ்பைரி ஆகிவிடும், கம்பெனிக்குத் திருப்பி அனுப்பி கிரெடிட் நோட்டுக்கு அலைய வேண்டும். கம்பிக்கு எக்ஸ்பைரி கிடையாது. பிறகு எதற்கு ஃபைஃபோ?

காஸ்டிங்_கனகா:
மதுரை அண்ணா, நீங்கள் சொல்வது ரேக்கிலிருந்து எதை முதலில் எடுப்பது என்ற விஷயம். இங்கே கேட்பது எந்த விலையை முதலில் செலவாக எழுதுவது என்று. குடோனில் கடைசியாக வந்த சுருளை முதலில் எடுத்துக் கொடுத்தாலும் கணக்கில் ஃபைஃபோ வைக்கலாம், யாரும் தடுக்க மாட்டார்கள்.

செல்வா, "எப்போதும் அதிகம்" என்பதை மட்டும் எடுத்துவிடுங்கள். விலை ஏறும்போது அதிகம், இறங்கும்போது குறைவு. காப்பர் ஏறிக்கொண்டே இருக்கும் சரக்கில்லை.

கேட்டவருக்கு ஒரு கணக்கு. ஜனவரி முதல் மார்ச் வரை என்று வைத்துக்கொள்ளுங்கள். கையில் 1000 கிலோ, கிலோ 800 ரூபாய். முதலில் 500 கிலோ விற்கிறீர்கள். பிப்ரவரியில் 1000 கிலோ 860-க்கு வாங்குகிறீர்கள். அப்புறம் 1000 கிலோ விற்கிறீர்கள். மார்ச் கடைசியில் இன்னொரு 500 கிலோ 920-க்கு வருகிறது, அதில் ஒரு சுருள்கூட விற்கவில்லை. விற்பனை எல்லாம் 950. ஆக, விற்ற 1500 கிலோவுக்கு 14,25,000 வந்தது, மீதி 1000 கிலோ கையில்.

ஃபைஃபோவில் செலவு: 800-இல் 1000 கிலோ, 860-இல் 500 கிலோ, மொத்தம் 12,30,000. லாபம் 1,95,000.

டேலியின் `Avg. Cost`-இல் தொடக்க இருப்பையும் அந்தக் காலத்தில் வந்த எல்லாவற்றையும் கூட்டி, மொத்த கிலோவால் வகுப்பீர்கள். 21,20,000-ஐ 2500-ஆல் வகுத்தால் 848. செலவு 12,72,000, லாபம் 1,53,000.

இப்போது ஈஆர்பிநெக்ஸ்ட்டின் `Moving Average`. முதல் 500 கிலோ 800-லேயே போகும். மீதி 500 கிலோவோடு 860 கம்பி 1000 கிலோ சேரும்போது சராசரி 840. அடுத்த 1000 கிலோ 840-இல் போகும். செலவு 12,40,000, லாபம் 1,85,000.

கவனித்தீர்களா? ஃபைஃபோவுக்கும் மூவிங் ஆவரேஜுக்கும் நடுவில் வெறும் 10,000. இரண்டு ஆவரேஜுக்கும் நடுவில் 32,000! ஏனென்றால் டேலி போடுகிற ஆவரேஜில், விற்ற பிறகு வந்திறங்கிய 920 ரூபாய்க் கம்பியும் விற்ற சரக்கின் விலையைத் தூக்கிவிடுகிறது. "ஆவரேஜையே தொடருங்கள்" என்று உங்கள் ஆடிட்டர் சொன்னாரே, எந்த ஆவரேஜ் என்று அவரிடம் கேட்டீர்களா?

கம்பிக்கடை_கோவை:
இல்லை மேடம். இரண்டும் ஒன்றுதான் என்று நினைத்தேன். அவரும் அப்படித்தான் நினைக்கிறார் போல.

மில்_கணக்கர்:
இதற்கு ஏன் இவ்வளவு சண்டை? மிச்சமுள்ள 1000 கிலோவை அடுத்த காலாண்டில் அதே 950-க்கு விற்றுத் தீருங்கள், புதிதாக எதுவும் வாங்காதீர்கள். ஃபைஃபோவில் அப்போது லாபம் 60,000, மூவிங்கில் 70,000, டேலி கணக்கில் 1,02,000. முதல் காலாண்டோடு கூட்டினால் மூன்றும் 2,55,000. பணம் எங்கேயும் போகவில்லை, எந்தக் காலாண்டில் காட்டுகிறோம் என்பதுதான். நாங்கள் பஞ்சில் இதே கூத்தை வருஷா வருஷம் பார்க்கிறோம்.

ஈஆர்பி_செல்வா:
கூட்டினால் ஒன்றுதான், சரி. ஆனால் மார்ச் 31 நடுவில் வந்தால்? 42,000 லாபம் இந்த வருஷமா அடுத்த வருஷமா என்பதில் வரி இருக்கிறது, பார்ட்னர்களின் பங்கு இருக்கிறது. பார்ட்னர் ஒருவர் மார்ச்சில் விலகினால் அந்த 42,000-க்குச் சண்டையே வரும். "எங்கேயும் போகவில்லை" என்று அவரிடம் சொல்லிப் பாருங்கள்.

எப்போதும் அதிகம் என்று நான் சொன்னது ஏறுமுகத்துக்கு. இருக்கட்டும். மூவிங் ஆவரேஜில் எனக்கு இருக்கும் பயம் வேறு. கடைப் பையன் பிப்ரவரி பில்லில் 860-க்குப் பதில் 890 என்று தட்டிவிட்டான். கனகா மேடத்தின் கணக்கிலேயே, சராசரி 840 வர வேண்டியது 860 ஆகிவிடும். 860 என்பது அன்றைய விலையே என்பதால் பார்க்கிறவருக்குச் சந்தேகமே வராது. பழைய 800 ரூபாய்க் கம்பியும் அந்தத் தப்பு விலையைச் சுமந்துகொண்டு போகும். ஃபைஃபோவில் அந்தத் தப்பு அந்த 1000 கிலோவோடு நிற்கும். ஸ்டாக் லெட்ஜரைத் திறந்தால் எந்த லாட் என்று விரல் வைத்துக் காட்டலாம்.

காஸ்டிங்_கனகா:
இது நல்ல வாதம், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் தப்பைத் திருத்தும்போது இரண்டுக்கும் ஒரே தலைவலி. பிப்ரவரி பில்லை ஏப்ரலில் கேன்சல் செய்து சரியான விலையோடு பழைய தேதியில் போட்டால், ஈஆர்பிநெக்ஸ்ட் அந்தத் தேதியிலிருந்து எல்லா ஸ்டாக் பதிவையும் மறுபடி கணக்கிடும். `Repost Item Valuation` என்று ஒரு டாகுமெண்ட் தானாக உருவாகி பின்னால் ஓடும். நீங்கள் பேங்குக்குக் கொடுத்துவிட்ட மார்ச் மாத லாபம் சத்தமில்லாமல் மாறியிருக்கும். லாரி வாடகை பில் தாமதமாக வந்து, அதை லேண்டட் காஸ்டாகக் கம்பியின் அடக்க விலையில் சேர்க்கும்போதும் இதே கதைதான். மாதம் முடிந்ததும் ஸ்டாக் செட்டிங்ஸில் அந்தத் தேதிவரை பூட்டிவிடுங்கள். இல்லாவிட்டால் எந்த முறை வைத்தாலும் போன மாத ரிப்போர்ட்டும் இந்த மாத ரிப்போர்ட்டும் ஒட்டாது.

அப்புறம், பர்ச்சேஸ் பில் போடுவதற்கு முன்பே விற்பனை பில் போடுகிற பழக்கம் உண்டா? நெகட்டிவ் ஸ்டாக்கை அனுமதித்து வைத்திருந்தால் இரண்டு முறையிலும் விலை அசட்டுத்தனமாக வரும். கம்பி வியாபாரத்தில் லாரி வாசலில் நிற்கும்போதே பாதி லோடு விற்றுப்போகும் என்பதால் கேட்கிறேன்.

கம்பிக்கடை_கோவை:
உண்டு மேடம், தினமும். 😅

மதுரை_மருந்து:
கடைசியாக வந்த விலையை முதலில் செலவாக எழுதுகிற லைஃபோ என்று ஒன்று டேலி லிஸ்டில் இருக்கிறதே. விலை ஏறும்போது அதை வைத்தால் லாபம் குறைந்து வரியும் குறையுமே, யாரும் அதைப் பேசவில்லை?

மில்_கணக்கர்:
லிஸ்டில் இருப்பதெல்லாம் ஃபைலில் போட முடியாது அண்ணா. ஸ்டாக் மதிப்பீட்டுக்கான கணக்கியல் தரநிலை ஏ.எஸ். 2-இல் கம்பி மாதிரி சரக்குக்கு ஃபைஃபோ அல்லது வெயிட்டட் ஆவரேஜ் மட்டும்தான், வருமான வரிக்கான ஐ.சி.டி.எஸ். 2-லும் அப்படியே. முறையை மாற்றுவதற்கும் நியாயமான காரணம் வேண்டும். விலை ஏறும் வருஷம் ஆவரேஜ், இறங்கும் வருஷம் ஃபைஃபோ என்று தாவ முடியாது. கேட்டவரிடம் ஒரு கேள்வி: உங்கள் வரி ஆடிட் ரிப்போர்ட்டின் 3சிடி படிவத்தில் 14-ஆம் பத்தியில் ஸ்டாக் மதிப்பிடும் முறை என்று என்ன எழுதியிருக்கிறது?

கம்பிக்கடை_கோவை:
இப்போது எடுத்துப் பார்த்தேன். அடக்க விலை அல்லது சந்தை விலை, எது குறைவோ அது என்று மட்டும் இருக்கிறது. ஃபைஃபோ, ஆவரேஜ் எதுவும் இல்லை.

காஸ்டிங்_கனகா:
பல ஃபைலில் அப்படித்தான் இருக்கும். அடக்க விலையை எப்படிக் கண்டுபிடித்தீர்கள் என்பதை அது சொல்லவில்லை. அதற்காக இஷ்டப்படி மாற்றலாம் என்று ஆகாது, இத்தனை வருஷமும் நடைமுறையில் ஆவரேஜ்தானே.

நான் உங்கள் இடத்தில் இருந்தால் மூவிங் ஆவரேஜ்தான் வைப்பேன். கம்பி எந்த லாட் என்று பார்த்து யாரும் வாங்குவதில்லை. எல்லாம் ஒரே கேஜ், ஒரே தரம், விலையோ வாரத்துக்கு வாரம் ஆடுகிறது. ஃபைஃபோவில் அந்த ஆட்டம் அப்படியே மாத லாபத்தில் தெரியும். விற்பனை நன்றாக நடந்ததா, பழைய விலைச் சரக்கு கையில் இருந்ததா என்று பிரித்துப் பார்க்க முடியாது.

ஈஆர்பி_செல்வா:
அதுதானே மேடம் உண்மை? பழைய விலைச் சரக்கு கையில் இருந்ததால் சம்பாதித்தார். அதை ஏன் மழுப்ப வேண்டும்? இன்னொன்று, மார்ச் 31-இல் ஃபைஃபோ ஸ்டாக் 8,90,000, கிலோ 890. மார்க்கெட் விலைக்குப் பக்கத்தில் இருக்கிறது. டேலி சொல்கிற 848-க்கு இன்று யார் கம்பி தருவார்?

மில்_கணக்கர்:
விலை சரிந்தால் அதே 890 முதலில் அடி வாங்கும். விற்கக் கிடைக்கும் தொகை 870-க்கு இறங்கினால் ஃபைஃபோவில் கிலோவுக்கு 20 ரூபாய் எழுதித் தள்ள வேண்டும், மூவிங்கில் 10, பழைய ஆவரேஜில் ஒன்றுமில்லை. டிராயிங் பவரும் அதோடு இறங்கும்.

ஈஆர்பி_செல்வா:
இறங்கட்டுமே. அதுவும் உண்மைதான்.

சரி, கேட்டவருக்கு வேலைக்கான விஷயம் ஒன்று. ஃபைஃபோ வைத்தால் தொடக்க இருப்பை மொத்தமாக ஒரே விலையில் ஏற்றாதீர்கள். 1000 கிலோவையும் 848 என்று ஏற்றினால் சிஸ்டத்துக்கு அது ஒரே லாட். அது தீரும்வரை உங்களிடம் ஓடுவது பெயருக்குத்தான் ஃபைஃபோ. 860-இல் 500, 920-இல் 500 என்று தனித்தனிப் பதிவாக ஏற்றுங்கள். இரண்டு குடோன் இருந்தால் குடோன்வாரியாக ஏற்றுங்கள், கியூ ஒவ்வொரு குடோனுக்கும் தனி.

காஸ்டிங்_கனகா:
ஏற்றுங்கள். ஏற்றியதும் `Temporary Opening` கணக்கைத் திறந்து பாருங்கள். டேலி பேலன்ஸ் ஷீட்டில் ஸ்டாக் 8,48,000, நீங்கள் ஏற்றியது 8,90,000. மற்ற ஓப்பனிங் பேலன்ஸ் எல்லாம் சரியாக வந்த பிறகும் 42,000 அங்கே தொங்கும். செல்வா, அதை எங்கே கொண்டுபோய்ப் போடுவீர்கள்?

ஈஆர்பி_செல்வா:
ஸ்டாக் அட்ஜஸ்ட்மெண்டில். முறை மாறியதால் வந்த வித்தியாசம் என்று நரேஷன் எழுதி, ஆடிட்டர் குறிப்பில் தொகையைக் காட்டினால் முடிந்தது.

மில்_கணக்கர்:
அதாவது ஏப்ரல் 1 காலை, ஒரு கிலோகூட விற்காமல் 42,000 லாபம். எங்கள் ஆடிட்டராக இருந்தால் கையெழுத்துப் போடமாட்டார். 8,48,000-ஐயே ஏற்றி, கிலோ 848 என்று தொடங்கச் சொல்வார்.

காஸ்டிங்_கனகா:
மூவிங் ஆவரேஜுக்குப் போனாலும் 880-ஆ 848-ஆ என்று இதே கேள்விதான், தொகை 32,000. நானும் 848-இல் தொடங்கு என்பேன், முறை மாறியதைக் குறிப்பில் சொல் என்பேன். ஆனால் செல்வா சொல்கிற வழியைத் தப்பு என்று ஒரேயடியாகத் தள்ள மாட்டேன். தொகையை வெளிப்படையாகக் காட்டினால் ஏற்கிற ஆடிட்டர்கள் உண்டு.

கம்பிக்கடை_கோவை:
நாளை ஆடிட்டர் ஆபீஸ் போகிறேன். எந்த ஆவரேஜ் என்று முதலில் கேட்கிறேன், ஓப்பனிங்கை 848-இல் ஏற்றலாமா என்று அடுத்தது. நெகட்டிவ் ஸ்டாக்கை இன்றே நிறுத்தச் சொல்லிவிட்டேன். கவுண்டரில் இருக்கும் தம்பி, லோடு வந்து பில் ஏறாமல் எப்படி விற்பது என்று இப்போதே முறைக்கிறான்.

மதுரை_மருந்து:
பில்லை வாட்ஸ்அப்பில் முன்கூட்டியே வாங்கிப் போடச் சொல்லுங்கள். எங்கள் கடையில் அப்படித்தான் நடக்கிறது.

காஸ்டிங்_கனகா:
சரக்கு இறங்கி எடை போடும் முன்பு ரிசீட் போட வேண்டாம், கம்பியில் எடை வித்தியாசம் வரும்.