பள்ளி நாற்றங்கால் குழு: எந்த ட்ரே முதல்ல?

அறிவியல் மிஸ்: எல்லாருக்கும் காலை வணக்கம். இன்னிக்கு லீவு, கவின் அப்பா மட்டும்தான் நாற்றங்காலுக்குப் போறாங்க. அவங்களுக்கு அரை மணி நேரம்தான் இருக்கு. நேத்து சாயங்காலம் எடுத்த அஞ்சு படம் கீழே இருக்கு. எதை முதல்ல கவனிக்கணும்னு பார்த்துச் சொல்லுங்க.
1 - தக்காளி, விதைச்சு 12 நாள்
2 - கத்தரி, 24 நாள்
3 - பப்பாளி, பைகள்ல
4 - தக்காளி, சுவரோரம் வச்சது, 14 நாள்
5 - மிளகாய், 28 நாள்

யாழினி அம்மா: 2 தான் மிஸ். கீழ் இலை எல்லாம் மஞ்சளா இருக்கே, பாவம். உரம் பத்தலையோ?

கவின் அப்பா: எனக்கு 3 தான் மோசமாத் தெரியுது, பப்பாளி மொத்தமும் தலை தொங்கியிருக்கு. 1லயும் ரெண்டு நாத்து சாஞ்சிருக்கு. போனதும் பூவாளி எடுத்து எல்லாத்துக்கும் நல்லா ஊத்திடுறேன். 4 சூப்பரா உயரமா வந்திருக்கு, அதைத் தொட வேண்டாம்.

நாற்றுப்பண்ணை அண்ணன்: சார், 1க்கு மட்டும் தயவுசெஞ்சு தண்ணி ஊத்தாதீங்க. 3க்கு நீங்க சொல்றது சரி. ரெண்டும் சாஞ்சுதான் இருக்கு, ஆனா காரணம் வேற. 1ல வலது மூலையைப் பெருசு பண்ணிப் பாருங்க. ஆறு குழி காலி, அதை ஒட்டி ரெண்டு நாத்து படுத்திருக்கு, மத்ததெல்லாம் பச்சையா நிமிர்ந்து நிக்குது. தண்ணி பத்தலைன்னா ட்ரே முழுக்க சோர்ந்திருக்கும். ஒரு மூலையில ஆரம்பிச்சு வட்டமாப் பரவுதுன்னா, தண்டோட அடி அழுகுற நாற்றழுகல் நோய்னு சந்தேகப்படணும்.

அறிவியல் மிஸ்: அந்த ஆறு குழியும் முளைக்காத விதைன்னு நினைச்சேன் அண்ணா.

நாற்றுப்பண்ணை அண்ணன்: அப்படியும் இருக்கலாம் மிஸ். மேலே இருந்து எடுத்த படத்துல அது தெரியாது, இலை தண்டை மறைச்சிடும். கவின் அப்பா, போனதும் போனை மண் மட்டத்துக்கு இறக்கி, பக்கவாட்டுல ஒரு படம் எடுத்துப் போடுங்க. தண்டு மண்ணைத் தொடுற இடம் தெளிவா விழணும். பக்கத்துல ஒரு வெள்ளைத் தாளும் வையுங்க.

யாழினி அம்மா: வெள்ளைத் தாள் எதுக்கு?

நாற்றுப்பண்ணை அண்ணன்: பச்சை நிழல்வலைக்குக் கீழே எடுத்தா எல்லா நிறமும் மாறிடும்மா. தாள் படத்துல வெள்ளையா விழுந்தாத்தான் இலையோட மஞ்சளை நம்பலாம். நேத்து எடுத்தது சாயங்கால வெயில்ல, அதுல எல்லாமே மஞ்சளாத்தான் தெரியும்.

யாழினி அம்மா: அப்போ எங்க வீட்டுக் கறிவேப்பிலைக்கும் இதே மாதிரிதான் மஞ்சள். அதையும் படம் போடவா?

அறிவியல் மிஸ்: போடுங்க, ஆனா சாயங்காலம் பார்க்கலாம். அவர் கிளம்புறதுக்குள்ள இதை முடிச்சிடலாம்.

கவின் அப்பா: வந்துட்டேன். [படம்: ட்ரே 1, பக்கவாட்டில்] படுத்த நாத்தோட தண்டு அடியில நூல் மாதிரி மெலிஞ்சு, பழுப்பா, ஈரமா இருக்கு. இலை இன்னும் பச்சைதான்.

நாற்றுப்பண்ணை அண்ணன்: அதேதான், நாற்றழுகல். புழு கடிச்சிருந்தா தண்டு துண்டா அறுந்திருக்கும், இப்படி நசிஞ்சு மெலியாது. படுத்தது இனி எழாது. காலிக் குழியை விரலால கிளறிப் பாருங்க, அழுகின முளை கிடைச்சா அதுவும் இதே நோய்தான்.

ஓய்வுபெற்ற தாத்தா: அடுப்புச் சாம்பல் தூவினா நின்னுடும். நாங்க மேட்டுப்பாத்தியில அப்படித்தான் பண்ணுவோம்.

நாற்றுப்பண்ணை அண்ணன்: ஐயா, மேல் மண்ணு காயணும்கிறது சரியான விஷயம். ஆனா பாத்தி மண்ணு வேற, இந்தச் சின்னக் குழி வேற. இதுல கைநிறைய சாம்பல் விழுந்தா காரத்தன்மை ஏறி இளவேர் வதங்கிடும். தண்ணியை நிறுத்திட்டுக் காத்தோட்டம் குடுத்தாலே மேல்பகுதி காஞ்சிடும்.

ஓய்வுபெற்ற தாத்தா: லேசாத் தூவுனா ஒண்ணும் ஆகாது தம்பி. சரி, ட்ரே உங்க பொறுப்பு.

கவின் அப்பா: இப்ப உடனே இதைப் பிடுங்கவா?

நாற்றுப்பண்ணை அண்ணன்: கொஞ்சம் பொறுங்க, இங்கதான் நிறைய பேர் தப்புப் பண்றாங்க. அவசரத்துல முதல் இடம் 1க்குத்தான், ஆனா கை வைக்கிறதுல அது கடைசி. இப்ப ட்ரேயை அப்படியே தூக்கி, மத்ததுல இருந்து நாலடி தள்ளி, காத்து வர்ற நிழல்ல வையுங்க. கையைச் சோப்புப் போட்டுக் கழுவிட்டு மத்த வேலையை முடிங்க. அழுகின மண்ணைத் தொட்ட கையோட பப்பாளிகிட்டப் போனா நோயும் கூடவே போகும்.

கவின் அப்பா: தள்ளி வச்சுட்டேன், கையும் கழுவியாச்சு. பப்பாளிப் பை தூக்கினா பஞ்சு மாதிரி கனமே இல்லை. மண்ணு சுருங்கி பையோட ஓரத்துல இடைவெளி விட்டிருக்கு.

நாற்றுப்பண்ணை அண்ணன்: தண்டு அடியும் நுனியும் ஒரே தடிமன்ல இருக்கா?

கவின் அப்பா: ஆமா, மெலியலை.

நாற்றுப்பண்ணை அண்ணன்: அப்போ வெறும் வறட்சிதான். ஆனா ஒரே மூச்சுல ஊத்துனா தண்ணி அந்த ஓர இடைவெளி வழியா கீழே ஓடிடும், நடுவுல வேர் காஞ்சேதான் இருக்கும். ஒரு அகலத் தட்டுல ரெண்டு விரல்கடை உயரம் தண்ணி விட்டு, பைகளை அதுல நிறுத்துங்க. அடித்துளை வழியா உறிஞ்சி, 20 நிமிஷத்துல மேல்மண்ணு நிறம் கறுக்கும். கறுத்ததும் எடுத்துடுங்க, ஊற விட்டுட்டுப் போகாதீங்க.

அறிவியல் மிஸ்: அந்த 20 நிமிஷத்துல 2ஐப் பார்க்கச் சொல்லலாமா?

நாற்றுப்பண்ணை அண்ணன்: கத்தரிக்கு இன்னிக்கு ஒண்ணும் வேண்டாம் மிஸ். பெருசு பண்ணிப் பார்த்தேன், மஞ்சளானது அடியில இருக்கிற ரெண்டு விதையிலை மட்டும்தான். மேலே நாலு நிஜ இலை வந்துடுச்சு, அதோட வேலை முடிஞ்சது. அதுக்கு மேல இருக்கிற இலையும் வெளிறினாத்தான் உரத்தைப் பத்தி யோசிக்கணும்.

யாழினி அம்மா: அட, நான் அதைத்தான் முதல்ல சொன்னேன் 🙈

அறிவியல் மிஸ்: 4 உயரமா இருக்குன்னு எனக்கும் சந்தோஷமாத்தான் இருந்தது. ஆனா தண்டு வெளிறி, எல்லாம் ஒரே பக்கம் சாஞ்சு நிக்குது. வெளிச்சம் பத்தலை, இல்லையா அண்ணா?

நாற்றுப்பண்ணை அண்ணன்: ஆமா மிஸ், வெளிச்சத்தைத் தேடி நீண்டிருக்கு. ஆனா இன்னிக்கே நேர் வெயில்ல வச்சா இலை வெளுத்துக் கருகிடும். முதல் ரெண்டு நாள் காலை வெயில் ரெண்டு மணி நேரம், அப்புறம் தினம் கொஞ்சம் கூட்டி ஒரு வாரத்துல பழக்கலாம். தக்காளிங்கிறதால இன்னொரு வசதி, நடும்போது நீண்ட தண்டை விதையிலை வரைக்கும் மண்ணுல புதைச்சா அங்கேயும் வேர் விடும். பப்பாளிக்கு அப்படிப் பண்ணிடாதீங்க, தண்டு அழுகிடும்.

கவின் அப்பா: பப்பாளி மேல்மண்ணு கறுத்தாச்சு, வெளியே எடுத்துட்டேன். மிளகாய்க்கு வந்தா நுனி இலை சுருண்டிருக்கு.

நாற்றுப்பண்ணை அண்ணன்: மேல்பக்கமா மடிஞ்சு படகு மாதிரியா, கீழ்ப்பக்கமா கவிழ்ந்தா?

கவின் அப்பா: ரெண்டும் இருக்கிற மாதிரித் தெரியுது. [படம்]

நாற்றுப்பண்ணை அண்ணன்: மேல்நோக்கி மடிஞ்சா இலைப்பேன், கீழ்நோக்கின்னா சிலந்திப்பேன்னு பொதுவாச் சொல்லுவோம். இந்தப் படம் மங்கலா இருக்கு, என்னால உறுதியாச் சொல்ல முடியலை. நுனி இலையை வெள்ளைத் தாள் மேல தட்டிப் பாருங்க, பொடிப்பொடியா ஏதாவது ஊர்ந்தா படம் எடுங்க.

கவின் அப்பா: தட்டினேன், ரெண்டு கோடு மாதிரி விழுந்தது. நகருதான்னு தெரியலை, எனக்குக் கண்ணாடி வேணும்.

அறிவியல் மிஸ்: லேப்ல லென்ஸ் இருக்கு, நாளைக்கு நான் பார்க்கிறேன். இப்போதைக்கு மிளகாயை ஓரமா ஒதுக்கிடுங்க. இனி 1?

நாற்றுப்பண்ணை அண்ணன்: ஆமா, இப்ப பிடுங்கலாம். படுத்த ரெண்டு, காலி ஆறு, அதைச் சுத்தி நல்லாத் தெரியுற ஒரு வரிசை, எல்லாத்தையும் கோகோபீட்டோட எடுத்து ஒரு பையில கட்டிக் குப்பையில போடுங்க. உரக்குழியில போடாதீங்க, அந்தக் கோகோபீட்டை மறுபடி நிரப்பவும் வேண்டாம்.

யாழினி அம்மா: நல்லா இருக்கிறதையுமா?

நாற்றுப்பண்ணை அண்ணன்: கஷ்டமாத்தான் இருக்கும்மா. ஆனா பக்கத்துக் குழியில வேர் ஏற்கனவே பாதிச்சிருக்கலாம், அது இலையில உடனே தெரியாது.

ஓய்வுபெற்ற தாத்தா: நோயைத் தடுக்கிற நல்ல பூஞ்சை, டிரைக்கோடெர்மா, அதை ஊத்தலாமே?

நாற்றுப்பண்ணை அண்ணன்: அது விதைக்கிறதுக்கு முன்னாடி கலந்தாப் பலன் குடுக்கும் ஐயா. விழுந்த நாத்தை எழுப்பாது. அடுத்த விதைப்புக்குக் கண்டிப்பாக் கலப்போம்.

கவின் அப்பா: மொத்தம் 17 குழி எடுத்துட்டேன். கிளம்புறேன், கை கழுவியாச்சு.

அறிவியல் மிஸ்: ரொம்ப நன்றிங்க. நாளைக்குக் காலை 8 மணிக்கு, தண்ணி விடுறதுக்கு முன்னாடி, அதே கோணத்துல ட்ரே 1ஐ மறுபடி படம் எடுக்கிறேன். புதுசா ஒண்ணு சாஞ்சாலும் தெரிஞ்சிடும். பப்பாளி அந்த நேரத்துலயும் தொங்கியிருந்தா உங்களைக் கூப்பிடுறேன் அண்ணா.